எண்ணெயில் கரைந்திருக்கும் துப்பு

காடாம்புலியூரின் முந்திரித் தோப்புகளுக்கு அப்பால் இருக்கிறது நெய்வேலி. அங்கே நிலக்கரியை எரித்து உண்டாக்கும் மின்சாரம், 230, 400 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தப்பட்டே கம்பியில் ஏறுகிறது. உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர் இரும்புத் தொட்டிக்குள், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். திறந்து பார்க்க வேண்டுமென்றால் மின்சாரத்தை நிறுத்தி, எண்ணெயை வடிக்க வேண்டும். அதனால் திறக்காமலே எண்ணெயைக் கேட்கிறார்கள்.

வால்விலிருந்து கண்ணாடி சிரிஞ்சில் எண்ணெய் எடுப்பார்கள். காற்றுக் குமிழ் நுழையக் கூடாது. நுழைந்தால் எண்ணெயில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் அதற்குள் தப்பிவிடும், அளவு குறைவாகக் காட்டும். ஆய்வகத்தில் கரைந்த வாயுக்களைப் பிரித்தெடுத்து, குரோமட்டோகிராஃபில் ஒவ்வொன்றையும் பிபிஎம் கணக்கில் அளப்பார்கள்.

சூடு எவ்வளவோ அதற்கேற்ற வாயுதான் பிறக்கும். எண்ணெய் மிதமாகச் சூடானால் மீத்தேனும் ஈத்தேனும். சூடு ஏற ஏற எத்திலீன் பெருகும். வெல்டிங் பட்டறைக்காரருக்குப் பழக்கமான அசிட்டிலீன் கணிசமாக உண்டாக 700 டிகிரிக்கு மேல் வேண்டும். மின்பொறி வில்லாகப் பாயும் இடத்தில் அது தாராளமாக வரும். காகிதக் காப்பு வெந்தால் கார்பன் மோனாக்சைடு கூடும்.

1974-இல் கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனத்தைச் சேர்ந்த மிஷெல் டுவால் ஒரு முக்கோணம் வரைந்தார். மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றையும் கூட்டி, ஒவ்வொன்றின் சதவீதத்தைக் கண்டு, புள்ளி எந்தப் பகுதியில் விழுகிறதென்று பார்ப்பதுதான் முறை. எடுத்துக்காட்டாக, மீத்தேன் 120, எத்திலீன் 180, அசிட்டிலீன் 6 என்று ஓர் அறிக்கை வந்ததென வைத்துக்கொள்வோம். எத்திலீன் மட்டும் 59 சதவீதம், அசிட்டிலீன் 2. இது 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டின் பகுதி. மோனாக்சைடு முன்போலவே இருந்தால் காகிதம் தப்பியிருக்கலாம். தளர்ந்த இணைப்பையோ, இரும்பு உள்ளகத்தில் சுழலும் மின்னோட்டத்தையோ சந்தேகிக்கலாம். அதே அறிக்கையில் 50, 60, 90 என்று இருந்தால்? அசிட்டிலீன் 45 சதவீதம், வலுவான மின்வில். அங்கே காத்திருக்க நேரமில்லை.

முக்கோணத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நல்ல டிரான்ஸ்ஃபார்மரின் அற்ப அளவுகளைக் கொடுத்தாலும் ஏதாவது ஒரு கோளாறின் பெயரைச் சொல்லும். ஆகவே வாயுக்கள் வழக்கமான அளவைத் தாண்டினவா, சென்ற மாதிரியைவிட வேகமாக ஏறுகின்றனவா என்று உறுதி செய்த பிறகே அதைத் தொட வேண்டும். ஒற்றை அறிக்கையை நம்பித் தொட்டியைத் திறப்பவரை நான் நம்பமாட்டேன்.

இன்னொரு பொய்ச் சாட்சி டேப் சேஞ்சர். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அதன் சுவிட்ச், ஒவ்வொரு முறை மாறும்போதும் தன் தனி அறை எண்ணெயில் பொறி பறக்கவிடும்; அங்கே அசிட்டிலீன் இருப்பது இயல்பு. தடுப்பு கசிந்தால் அது பெரிய தொட்டிக்கும் வந்து பீதி கிளப்பும். ஹைட்ரஜனைப் போல் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் அசிட்டிலீன் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கசிவைத்தான்.