ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு ஏசி பெர்த்

ஒரு காலத்தில் ஸ்லீப்பரில் ஏறியவருக்கு ஏசி பெர்த் வேண்டுமென்றால் டி.டி.ஆரைத் தேடிப் போக வேண்டும். கையில் சார்ட்டோடு நிற்கும் அவர், காலி இடம் இருந்தால் கட்டண வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுப்பார். பணம் இருந்தவருக்கும், முதலில் போய்க் கேட்டவருக்கும் அது கிடைத்தது. கேட்க ஆளில்லாத ஏசி பெர்த்துகள் காலியாகவே ஓடின. அதே ரயிலுக்கு ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்து, வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுபோனவர்கள் ஊருக்குப் போக வழியில்லாமல் தவித்தார்கள்.

2006-இல் ரயில்வே கொண்டுவந்த தானியங்கி வகுப்பு உயர்வு இந்த முரணைத்தான் குறிவைத்தது. சார்ட் தயாராகும் நேரத்தில், யாரை மேலே அனுப்புவது என்று கணினியே தேர்ந்தெடுக்கிறது. கூடுதல் கட்டணம் கிடையாது. சிபாரிசுக்கும் இடமில்லை.

சென்னையிலிருந்து மதுரை செல்லும் இரவு ரயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டடுக்கு ஏசியில் இரண்டு பெர்த் காலி. மூன்றடுக்கு ஏசி நிறைந்திருக்கிறது. ஸ்லீப்பரில் நீண்ட வெயிட்டிங் லிஸ்ட். கணினி முதலில் மூன்றடுக்கிலிருந்து இருவரை மேலே ஏற்றும். அவர்கள் விட்ட இடத்துக்கு ஸ்லீப்பரில் உறுதியான டிக்கெட் வைத்திருக்கும் இருவர் போவார்கள். ஸ்லீப்பரில் காலியாகும் இரண்டு பெர்த்தும் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும். ஒரே பி.என்.ஆரில் இருப்பவர்களைக் கணினி பிரிக்காது. ஆகவே நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்த இரண்டு பெர்த்தால் பயனில்லை. முழுக் கட்டணம் செலுத்தியவர்களுக்கே இந்த வாய்ப்பு. சலுகைக் கட்டணத்திலோ பாஸிலோ பயணிப்பவர்களுக்கு இல்லை.

பி.என்.ஆர் எண் மாறாது. மாறுவது பெட்டியும் பெர்த்தும் மட்டுமே. குழப்பம் இங்கேதான் வருகிறது. முன்பு பார்த்த பெர்த் எண்ணை நம்பிப் பழைய பெட்டியில் ஏறினால், அந்த இடத்தில் வெயிட்டிங் லிஸ்ட்டிலிருந்து வந்தவர் உரிமையோடு உட்கார்ந்திருப்பார். அவர்மீது தப்பில்லை. சார்ட் வந்தபின் பி.என்.ஆர் நிலையை மறுபடி பார்த்துவிட்டால் இந்தச் சண்டையே எழாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல் வகுப்பில் மேல் பெர்த்தே கிடைக்கலாம். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு ஸ்லீப்பரின் கீழ் பெர்த்தைவிட ஏசியின் மேல் பெர்த் உசத்தியாகிவிடாது. ஆனால் வகுப்பு உயர்வு வேண்டுமா என்று முன்பதிவின்போது தெரிவிக்காமல் விட்டால், ரயில்வே அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பாடு நல்லது, டி.டி.ஆரைச் சுற்றிய காலத்தைவிட மிகவும் நியாயமானது. என்றாலும் வாய் திறக்காதவரின் மௌனத்தைச் சம்மதம் என்று கொள்வது சரியில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு டிக்கெட் எடுப்பவர்களே, கீழ் பெர்த்தான் முக்கியம் என்றால் வகுப்பு உயர்வைக் கேட்கும் இடத்தில் ‘வேண்டாம்’ என்று மறக்காமல் குறித்துவிடுங்கள்.