அத்திபெலே சந்திப்பில் திரும்பும் முன்

ஓசூரிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும்போது, தமிழக எல்லையைக் கடந்ததும் நாம் முதலில் காணும் கர்நாடக ஊர் அத்திபெலே. தேசிய நெடுஞ்சாலை 44-இல் அமைந்த இவ்வூரில் இடப்புறம் ஆனேக்கல்லுக்கும் வலப்புறம் சர்ஜாபுரத்துக்கும் சாலைகள் பிரிகின்றன. சரக்கு லாரிகளும் பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் இங்கே நெருங்கிச் செல்கின்றன. இங்கு நமக்கு எதிரே சிவப்பு விளக்கு எரிவதாக வைத்துக்கொள்வோம்.

ஆனேக்கல் செல்ல இடப்புறம் திரும்ப வேண்டும். சிவப்பு எரிந்தாலும் இடப்புறம் திரும்பிவிடலாம் என்று பலர் கருதுகின்றனர். அது எல்லாச் சந்திப்புக்கும் உரிய உரிமையன்று. ‘ஃப்ரீ லெஃப்ட்’ என்ற அறிவிப்புப் பலகை அனுமதித்தால் மட்டுமே செல்லலாம். இல்லையெனில் நிறுத்தக் கோட்டுக்கு முன்பாக நின்றாக வேண்டும். பலகை இருந்தாலும், சாலையைக் கடக்கும் பாதசாரிகளுக்கும் வலப்புறத்திலிருந்து பச்சை விளக்கில் வருவோருக்கும் வழிவிட்ட பின்னரே திரும்ப வேண்டும். நேராகச் செல்ல விரும்புவோர் அந்த இடப்புற வழியை அடைத்து நிற்றலும் தவறு.

இடத் திருப்பத்தில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. நீண்ட லாரி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் செல்வதில்லை. திருப்பத்தின் உட்புறமாக நெருங்கி வருகின்றன. ஆகவே லாரிக்கும் நடைபாதைக்கும் இடையே இருசக்கர வாகனத்தை நுழைப்பவர் நசுங்கிவிட நேரலாம். ஓட்டுநருக்கு அந்தப் பக்கம் தெரியாமலும் இருக்கலாம். லாரியின் இடப்புற இண்டிகேட்டர் எரிந்தால் பின்னாலேயே காத்திருப்பதே உகந்தது.

சர்ஜாபுரம் செல்பவர் முன்கூட்டியே வலப்புற இண்டிகேட்டரைப் போட்டு, பின்னால் வருவோரைக் கவனித்து, சாலையின் நடுப்பகுதியை ஒட்டி வர வேண்டும். இங்கேதான் இரு வகைப் பச்சை விளக்குகளின் வேறுபாடு தேவைப்படுகிறது. வட்டமான பச்சை எரிந்தால், எதிரே வருவோருக்கும் பச்சை எரியக்கூடும். எனவே நேராக வருவோருக்கு வழிவிட்டு, இடைவெளி கிடைத்த பின்னரே வலப்புறம் திரும்ப வேண்டும். பச்சை அம்புக்குறி எரிந்தால், அது காட்டும் திசையில் மட்டுமே செல்லலாம். அதனோடு சிவப்பு வட்டமும் எரிந்தால், மற்றத் திசைகளுக்கு உரியவர்கள் நின்றாக வேண்டும். வலப்புற அம்பைக் கண்டு நேராகப் பாய்ந்தால், அது சிவப்பு விளக்கை மீறியதாகும். அம்பு எரியும்போது எதிர்த்திசை வாகனங்கள் பொதுவாக நிறுத்தப்பட்டிருக்கும். எனினும் கடைசி நொடியில் கடந்து வருவோரையும் பாதசாரிகளையும் பார்த்தே திரும்ப வேண்டும்.

2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, சிவப்பு விளக்கை மீறுவதை ஆபத்தான ஓட்டுதலின் கீழ்ச் சேர்த்துள்ளது. முதல் குற்றத்துக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எல்லையைக் கடந்து வருவோருக்கும் இது பொருந்தும். இது இரு மாநிலங்களுக்கும் பொதுவான மத்தியச் சட்டம்.