பால் குடித்தால் பிள்ளை வளருமா?

கென்யாவின் எம்பு பகுதியில் 1998-இல் 12 பள்ளிகளில் ஒரு சோதனை தொடங்கியது. அங்கே வழக்கமான உணவு கிதேரி; சோளமும் பயறும் சேர்த்து வேகவைப்பது. முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பிரிவுக்குக் கிதேரியோடு பால், இன்னொன்றுக்கு இறைச்சி சேர்த்த கிதேரி, மூன்றாவதற்கு எண்ணெய் கூடுதலாகச் சேர்த்த கிதேரி. நான்காவது பிரிவுக்குப் பள்ளியில் எதுவும் தரவில்லை.

சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்து அளந்தபோது, எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தொடக்கத்திலேயே வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்களில், பால் குடித்தவர்கள் ஒன்றும் பெறாதவர்களைவிட ஏறத்தாழ 1.3 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருந்தார்கள்.

இறைச்சியிலும் நல்ல புரதம்தான். அதைச் சாப்பிட்ட பிள்ளைகளுக்குக் கையில் தசை கூடியது, உயரம் கூடவில்லை. ஆக, புரதத்தை ஏற்றினாலே உயரம் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனைப் பால் உயர்த்துகிறது. பாலின் பலனுக்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம் அதுதான்.

நன்றாகச் சாப்பிட்டு, வளர்ச்சி அட்டவணைக் கோட்டை ஒட்டியே வளரும் பிள்ளைக்கு விலையுயர்ந்த புரதப் பொடி வாங்க இந்தச் சோதனையில் ஆதாரமில்லை. கோட்டைவிட்டுக் கீழே இறங்கும் பிள்ளையைத்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.