மடிப்பில் விழுந்த புள்ளி

மதுராந்தகத்திலிருந்து சித்தப்பா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குரல்பதிவு: "அட்டையப் பாத்துட்டு எத்தனை மூட்டை போடணும்னு சொல்லுடா. நாளைக்கு நாத்து பறிக்கணும்." ஆதம்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் ஒரு துளசித் தொட்டி மட்டும் வைத்திருப்பவனிடம் ஏன் கேட்கிறார் என்றால், நான் சில ஆண்டுகள் மண் பரிசோதனைக் கூடத்தில் குப்பி கழுவியவன்.

மண்வள அட்டையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்திருக்கிறார். மடிப்பு சரியாக எண்கள் இருந்த இடத்தில் விழுந்து, தசமப் புள்ளிகளைத் தின்றுவிட்டது. போதாததற்கு ஓரத்தில் அவர் கட்டைவிரலின் நிழல்.

இப்படி வரும் படத்தை எண்ணையும் தரத்தையும் ஒன்றோடொன்று உரசித்தான் படிக்க வேண்டும். பி.எச். வரிசையில் 81 என்று தெரிந்தது. அந்த அளவுகோல் 14-ஐத் தாண்டாது, ஆக 8.1, லேசான காரத்தன்மை. சாம்பல்சத்து வரிசையில் நிழலுக்கு வெளியே 90 மட்டும் தெரிந்தது. பக்கத்தில் 'நடுத்தரம்' என்றிருந்தது. தமிழ்நாட்டில் ஹெக்டேருக்கு 118 கிலோவுக்குக் கீழே குறைவு, 280-க்கு மேலே அதிகம். 90 என்றால் 'குறைவு' என்றும், 290 என்றால் 'அதிகம்' என்றும் எழுதியிருப்பார்கள். எனவே 190.

அலகு தெரியும்படி படம் எடுக்கச் சொல்வது அதைவிட முக்கியம். சில கூடங்கள் ஹெக்டேருக்குக் கிலோ என்று தருகின்றன, சில பி.பி.எம். என்று தருகின்றன. ஒரு ஹெக்டேரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 22.4 லட்சம் கிலோ இருக்கும் என்பது கணக்கு. அதனால் பி.பி.எம். எண்ணை 2.24-ஆல் பெருக்கினால் கிலோ வரும். மணிச்சத்து 12 என்றிருந்தால், கிலோ என்று படிப்பவருக்கு அது நடுத்தரம், பி.பி.எம். என்றால் 27 கிலோ, அதாவது அதிகம். ஒரே எண், வேறு வேறு உரச் சிபாரிசு.

சித்தப்பாவின் அட்டையைத் தேற்றியதும் இப்படி நின்றது. அங்ககக் கரிமம் 0.42 சதவீதம், குறைவு. தழைச்சத்து 196 கிலோ, குறைவு. மணிச்சத்து 28, அதிகம். சாம்பல்சத்து 190, நடுத்தரம். துத்தநாகம் 0.90 பி.பி.எம்., போதுமானது. உப்பின் அளவில் கவலைப்பட ஒன்றுமில்லை.

கூப்பிட்டேன். முதல் கேள்வியே சரியான கேள்வி: "மணிச்சத்து 28 கிலோ மண்ணுலயே இருக்கே. போடறதுல அதக் கழிச்சிக்கலாமா?"

கூடாது. அந்த 28 வங்கிக் கணக்கின் இருப்பு போன்றதல்ல. 1954-இல் அமெரிக்காவின் ஸ்டெர்லிங் ஓல்சனும் அவரோடு இருந்தவர்களும் வகுத்த முறையில் வரும் எண் அது. மண்ணைச் சோடியம் பைகார்பனேட் கரைசலில் அரை மணி நேரம் குலுக்கி, கரைந்து வருவதை அளப்பார்கள். வேர் எடுக்கக்கூடியதற்கு இது ஒரு குறியீடு, அவ்வளவுதான். இந்த எண் உயர்ந்த வயல்களில் உரத்துக்குப் பலன் குறைந்தது என்று வயல்வெளிச் சோதனைகளில் கண்டு கோடு போட்டார்கள். கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதற்குத்தான் அந்த எண் உதவும், கழித்தலுக்கு அல்ல. போதாக்குறைக்கு, அட்டையில் இருப்பது தனி பாஸ்பரஸ். உர மூட்டையில் அச்சிட்டிருப்பது அதன் ஆக்சைடு. இரண்டுக்கும் இடையே 2.29 மடங்கு வித்தியாசம்.

தரத்தை உரமாக மாற்ற எளிய வழி ஒன்று உண்டு. பொதுச் சிபாரிசை எடுத்துக்கொண்டு, 'குறைவு' என்றால் கால் பங்கு கூட்டி, 'அதிகம்' என்றால் கால் பங்கு குறைப்பது. மத்திய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150:50:50 என்பது சிபாரிசு. அதைத் திருத்தி ஏக்கருக்கு இறக்கினால் தழைச்சத்து 75 கிலோ, மணிச்சத்து 15, சாம்பல்சத்து 20. மூட்டைக் கணக்கில் டி.ஏ.பி. 33 கிலோ, பொட்டாஷ் 33 கிலோ. டி.ஏ.பி.யிலேயே 6 கிலோ தழைச்சத்து வந்துவிடுவதால் மீதிக்கு யூரியா 150 கிலோ. 45 கிலோ மூட்டையில் மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. அதை நான்காகப் பிரித்துப் போட வேண்டும்.

சித்தப்பா சிரித்தார். வழக்கமாக அவர் ஏக்கருக்கு ஒன்றரை மூட்டை டி.ஏ.பி. போடுகிறவர். அந்த 75 கிலோவில் மணிச்சத்து மட்டும் 34 கிலோ, தேவையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த 28 எப்படி ஏறியது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

யூரியாக் கணக்கில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை என்பதையும் சொன்னேன். நம் ஊர் வயல்களில் தழைச்சத்து பெரும்பாலும் 'குறைவு' என்றுதான் வரும். அட்டை சொல்லாமலே தெரிந்த சேதி. 1956-இல் இந்தியாவில் சுப்பையாவும் அசிஜாவும் வகுத்த பெர்மாங்கனேட் முறையில் வரும் அந்த எண், பருவம் முழுக்க மண் எவ்வளவு விடுவிக்கும் என்று சொல்லாது. அதற்கு இலை வண்ண அட்டை மேல். நட்ட 14-ஆம் நாளிலிருந்து இலையை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, நிறம் 4-க்குக் கீழே போனால் யூரியா போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3.

என் கண் நின்றது துத்தநாகத்தில். 'போதுமானது' என்று பச்சையில் இருந்தது. தேசிய அளவில் 0.6 பி.பி.எம். எல்லை; அதன்படி சரி. ஆனால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் மண்ணுக்கு வைத்திருக்கும் எல்லை 1.2. அதன்படி 0.90 பற்றாக்குறை. கோட்டை எங்கே போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து வார்த்தை மாறும், எண் மாறாது.

மற்ற வரிசைகளையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் வலுக்கிறது. பி.எச். 8.1-இல் துத்தநாகம் கரைவது குறையும். தேங்கிய தண்ணீர் இன்னும் குறைக்கும். மிஞ்சிய மணிச்சத்து, பயிர் அதை எடுப்பதைத் தடுக்கும். "நட்டு மூணு வாரத்துல எலையில துரு மாதிரி புள்ளி வருமா?" என்று கேட்டேன். "அது பூச்சின்னு மருந்து அடிச்சோமே" என்றார். 1966-இல் பந்த்நகரில் ஒய்.எல். நேனே அடையாளம் கண்ட 'கைரா' நோயும் இப்படித்தான் இலையைத் துருவேற்றும். அது நோயே அல்ல, துத்தநாகப் பசி.

அதனால் டி.ஏ.பி.யில் மிச்சமாகும் காசுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட். 20 கிலோ மணலில் கலந்து, நடவுக்குச் சற்று முன் மேலாகத் தூவ வேண்டும். டி.ஏ.பி.யோடு கலந்தால் இரண்டும் பிணைந்து கரையாமல் போகும். அப்படியும் துரு தெரிந்தால் அரை சதவீத ஜிங்க் சல்பேட்டும் ஒரு சதவீத யூரியாவும் சேர்த்து, 15 நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம்.

போனை வைக்கும் முன் அவராகவே ஒன்று சொன்னார்: "பக்கத்து வயக்காரனுக்கும் இதே நம்பர்தான்டா, புள்ளி மாறாம." எனக்குச் சுருக்கென்றது. 2015-இல் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கியபோது, பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேர் கட்டத்துக்கு ஒரு மாதிரி என்பதே ஏற்பாடு. ஆறு ஏக்கருக்கு ஒரு பை மண். அது சித்தப்பாவின் வயலிலிருந்தே எடுத்திருக்காமலும் இருக்கலாம். நாற்று காத்திருப்பதால் இந்தப் போகத்துக்கு இந்த எண்தான்.

அறுவடை முடிந்ததும் மேட்டுத் துண்டுக்கும் பள்ளத் துண்டுக்கும் தனித்தனியாக மாதிரி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வரப்போரம், மர நிழல், எருக்குமி இருந்த இடம் தவிர்த்துப் பத்து இடத்தில் ஆங்கில 'வி' வடிவில் ஒரு சாண் ஆழத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, ஓரத்தை மேலிருந்து கீழ்வரை சீவி, கலந்து, காய வைத்து, அரைக் கிலோ. பையில் துண்டின் பெயரை எழுத வேண்டும். அட்டை வந்ததும், மடிப்பதற்கு முன்னாடியே படம் எடுத்து அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.