பிரவுசரில் சேர்ந்து கிடப்பவை: எதை அழிக்கலாம், எதை வைத்துக்கொள்ள வேண்டும்

விண்டோஸ் கணினியில் குரோம் பிரவுசர் தனக்கென்று சேர்த்து வைப்பவை எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் இருக்கின்றன. கீழே உள்ள வரியை ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் ஒட்டி என்டர் தட்டினால் அந்த ஃபோல்டர் திறக்கும்.

```
%LOCALAPPDATA%\Google\Chrome\User Data
```

சில ஆண்டுகள் புழங்கிய கணினியில் இந்த ஃபோல்டர் பல ஜிபி வரை வளர்ந்திருக்கும். சி டிரைவ் நிரம்பி சிவப்புக் கோடு தெரியும்போது பலருடைய கண் முதலில் இங்கேதான் விழுகிறது. ஆனால் இதற்குள் தானாகவே மறுபடி வந்துவிடும் பொருளும் இருக்கிறது. அழித்தால் எங்கு தேடினாலும் கிடைக்காத பொருளும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்றை அழிக்கலாமா என்பதை அதன் அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. அது திரும்பக் கிடைக்குமா என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

கேஷ் முதல் வகையைச் சேர்ந்தது. ஓர் இணையதளத்தின் படங்கள், எழுத்துருக்கள், நிரல் கோப்புகள் ஆகியவற்றின் நகல்களை பிரவுசர் வட்டில் சேமித்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே பக்கத்தைத் திறக்கும்போது அவற்றை மீண்டும் இறக்க வேண்டியதில்லை. கேஷுக்கு ஒரு வரம்பும் உண்டு. அது எட்டப்பட்டால் நெடுநாள் பயன்படாத நகல்களை பிரவுசரே கழித்துவிடும். எனவே வாரந்தோறும் கேஷைத் துடைப்பது வீண் வேலை. பக்கங்கள் மெதுவாகத் திறக்கும், மொபைல் டேட்டாவில் இயங்கும் வீட்டில் டேட்டாவும் கூடுதலாகச் செலவாகும். வட்டில் இடம் உடனே தேவைப்படும்போதும், ஒரு பக்கம் கோணலாகத் தெரியும்போதும் அழித்தால் போதும்.

பக்கம் கோணலாகத் தெரிவதற்குக் கேஷ்தான் காரணமா என்று அறிய எளிய சோதனை உண்டு. அதே பக்கத்தை இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பார்க்க வேண்டும். அந்தச் சாளரம் பழைய கேஷையும் குக்கியையும் தொடாது. எக்ஸ்டென்ஷன்களும் வழக்கமாக அங்கே இயங்கா. அங்கும் பக்கம் கெட்டே தெரிந்தால் பெரும்பாலும் கோளாறு அந்தத் தளத்தில்தான். இங்கே எதையும் அழித்துப் பயனில்லை. அங்கே சரியாகத் திறந்தால், வழக்கமான சாளரத்தில் Ctrl + F5 அழுத்த வேண்டும். அந்தப் பக்கத்தின் கோப்புகளை மட்டும் பிரவுசர் புதிதாக இறக்கும். பல நேரங்களில் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

அழிக்கும் சாளரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. Ctrl + Shift + Delete அழுத்தினால் வரும் பட்டியலில் `Cached images and files` என்பதற்குப் பக்கத்திலேயே `Cookies and other site data` என்பதும் இருக்கும். இரண்டிலும் முன்கூட்டியே டிக் போடப்பட்டிருப்பது சாதாரணம். கேஷைத் துடைக்க வந்தவர் குக்கியையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார். குக்கி போனால் பெரும்பாலான தளங்களிலிருந்து வெளியேறிவிட்டதாகப் பொருள். மறுபடி உள்ளே போக பாஸ்வேர்டு வேண்டும். சில தளங்கள் இதைப் புதிய கணினி என்று கருதி ஓடிபியும் கேட்கும். அந்த ஓடிபி கைவிட்டுப் போன பழைய சிம்முக்குப் போகும் என்றால், பல ஆண்டுகள் சிக்கலின்றித் திறந்துகொண்டிருந்த மெயில் கணக்கு அன்றே பூட்டிக்கொள்ளலாம். குக்கியைத் தொடுமுன், முக்கியமான கணக்குகளில் மீட்பு எண் இன்றைய எண்தானா என்று உள்ளே இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

பல பதிப்புகளில் அதே பட்டியலில் பாஸ்வேர்டுகளை அழிக்கும் வரியும் உண்டு. சிங்க் இயங்கிக்கொண்டிருந்தால் இங்கே அழிக்கும் வரலாறும் பாஸ்வேர்டும் அதே கணக்கில் உள்ள கைபேசியிலிருந்தும் போய்விடும். ஒரு தளம் மட்டும் தொல்லை தருகிறது என்றால் `chrome://settings/content/all` என்ற பக்கத்தில் அந்தத் தளத்தைத் தேடி அதன் தரவை மட்டும் நீக்குவதே நல்லது.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரின் கதை வேறு. பிரவுசரில் இறக்கிய கோப்புகளின் பட்டியலை அழித்தால் கோப்புகள் அழிவதில்லை, பட்டியல்தான் போகும். கோப்புகள் வட்டிலேயே இருக்கும். பொதுக் கணினியில் ஆதார் அட்டையையோ வங்கி அறிக்கையையோ இறக்கியவர்கள் இதை அறிந்திருப்பது மிக அவசியம்: வரலாற்றைத் துடைத்துவிட்டு எழுந்து போனாலும் அந்த பிடிஎஃப் அடுத்தவருக்குக் காத்திருக்கும்.

சொந்தக் கணினியில் இந்த ஃபோல்டரைக் கோப்பின் அளவுப்படி அடுக்கினால், மேலே வருபவை பெரும்பாலும் மென்பொருள் நிறுவும் `.exe` கோப்புகளும், பிரித்தெடுத்த பிறகும் கிடக்கும் `.zip` கோப்புகளும், வீடியோக்களும்தான். நிறுவி முடித்த `.exe` தேவையில்லை. வேண்டும்போது புதிய பதிப்பே கிடைக்கும். `.crdownload` என்று முடிபவை பாதியில் நின்ற பதிவிறக்கங்கள். அந்த நேரத்தில் எதுவும் இறங்கிக்கொண்டிருக்கவில்லை என்றால் அழிக்கலாம். பெயரின் இறுதியில் (1), (2) என்று வருபவை ஒரே கோப்பை மறுபடி இறக்கியதன் அடையாளமாக இருக்கலாம்; ஆனால் இரண்டு மாத மின்கட்டண ரசீதுகளும் ஒரே பெயரில் இறங்கக்கூடும் என்பதால் திறந்து பார்க்காமல் நீக்கக் கூடாது. ரசீது, சான்றிதழ், ஒப்பந்தம் போன்றவற்றை இங்கே விடாமல் டாக்குமென்ட்ஸுக்கு நகர்த்த வேண்டும். ஒன்டிரைவின் ஃபோல்டர் பேக்கப்பில் டாக்குமென்ட்ஸைச் சேர்க்கலாம், டவுன்லோட்ஸைச் சேர்க்க முடியாது. விண்டோஸின் ஸ்டோரேஜ் சென்ஸ் வசதியும், அப்படி அமைத்திருந்தால், பல நாள் திறக்காத கோப்புகளை டவுன்லோட்ஸிலிருந்து தானே நீக்கிவிடும்.

பழைய ப்ரொஃபைல்தான் மிகுந்த கவனம் கேட்பது. `User Data` ஃபோல்டருக்குள் `Default`, `Profile 1`, `Profile 3` என்று மூன்று ஃபோல்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒருவருடைய புக்மார்க், வரலாறு, பாஸ்வேர்டு, குக்கி அனைத்தும் அடங்கிய தனி உலகம். ஃபோல்டரின் பெயரைப் பார்த்து அது யாருடையது என்று சொல்ல முடியாது. பிரவுசரில் ஒரு ப்ரொஃபைலைத் திறந்து `chrome://version` என்று தட்டினால் `Profile Path` என்ற வரியில் அதன் ஃபோல்டர் தெரியும்.

இந்த வீட்டில் `Profile 3` என்பது படிப்பை முடித்த மகளின் கல்லூரிக் கணக்கு என்று கொள்வோம். சிங்க் இருந்ததால் எல்லாம் கூகுளில் பத்திரமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் கல்லூரி அந்தக் கணக்கை நீக்கியிருந்தால் அங்கிருந்த நகலும் போயிருக்கும். இந்தக் கணினியில் இருப்பதே கடைசி நகல். எனவே முதலில் அந்த ப்ரொஃபைலைத் திறந்து, Ctrl + Shift + O அழுத்தி, புக்மார்க் மேலாளரிலிருந்து ஒரு எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும். அடுத்து பாஸ்வேர்டு மேலாளரின் அமைப்புகளிலிருந்து பாஸ்வேர்டுகளை எடுக்க வேண்டும். `Login Data` என்ற கோப்பை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்தால் வேறு கணினியில் பயன்படாது, ஏனென்றால் அதிலுள்ள பாஸ்வேர்டுகள் அந்த விண்டோஸ் கணக்கோடு கட்டப்பட்ட சாவியால் பூட்டப்பட்டவை. ஏற்றுமதியில் கிடைக்கும் சிஎஸ்வி கோப்போ நேர்மாறானது: நோட்பேடில் திறந்தால் எல்லாப் பாஸ்வேர்டுகளும் வெளிப்படையாகத் தெரியும். புதிய ப்ரொஃபைலில் இறக்குமதி செய்து, இரண்டு மூன்று தளங்களில் நுழைந்து பார்த்த உடனே அதை Shift + Delete அழுத்தி நீக்கிவிட வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ப்ரொஃபைலை பிரவுசரின் ப்ரொஃபைல் மேலாளர் வழியாகவே அழிக்க வேண்டும். ஃபோல்டரைக் கையால் நீக்கினால் பட்டியலில் அதன் பெயர் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

ஃபயர்ஃபாக்ஸில் இதற்கான பக்கம் `about:profiles`. அங்கே `default`, `default-release` என்று இரண்டு ப்ரொஃபைல்கள் இருப்பதைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி ப்ரொஃபைல் என்ற முறை வந்ததே இதற்குக் காரணம். எது புழக்கத்தில் இருக்கிறது என்பதை அந்தப் பக்கமே சொல்லும். மற்றதை நீக்கும்போது கோப்புகளையும் அழிக்கவா என்று ஃபயர்ஃபாக்ஸ் கேட்கும். `Don't Delete Files` என்பதைத் தேர்ந்தால் பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போகும். ஃபோல்டர் வட்டில் இருக்கும். அதிலுள்ள பாஸ்வேர்டுகளை மீட்க `logins.json`, `key4.db` ஆகிய இரண்டு கோப்புகளும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பயனில்லை. சில மாதங்கள் கழித்தும் எதுவும் குறைவதாகத் தெரியாவிட்டால் அந்த ஃபோல்டரை நீக்கிவிடலாம்.