அச்சும் அசைவும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1879ஆம் ஆண்டு போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அப்பாதையில் அமைந்த ஊர்களுள் ஒன்று கண்டமங்கலம். சாலையை இருப்புப்பாதை குறுக்கிடும் இடங்களில் நிற்கும் தடுப்புக்கம்பம் இவ்வட்டார மக்கள் நாள்தோறும் காணும் காட்சியாகும். மக்கள் வழக்கில் அது 'ரயில்வே கேட்' எனப்படும். தொடர்வண்டி கடந்தபின் கம்பம் மெல்ல எழுகிறது. காத்திருந்த வண்டிகள் நகர்கின்றன. ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு சுழற்சி என்னும் எளிமையால், முப்பரிமாண அசைவூட்டத்தில் முதன்முதலாக உருவாக்குவதற்கு இக்காட்சி மிகவும் ஏற்றது.

கருவி

இக்காட்சியை உருவாக்கப் பயன்படும் மென்பொருள் 'பிளெண்டர்'. நெதர்லாந்தைச் சேர்ந்த டோன் ரோசந்தால் இதனை உருவாக்கினார். இதனை விற்றுவந்த நிறுவனம் மூடப்பட்டபோது, 2002ஆம் ஆண்டு பொதுமக்களிடமிருந்து ஏழு வாரங்களில் ஒரு இலட்சம் யூரோ திரட்டப்பட்டு, இதன் உரிமை மீட்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் மாதம் இது கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. ஆகவே, எவரும் கட்டணமின்றி இதனைத் தம் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். 2025ஆம் ஆண்டு ஆஸ்கர் விருது பெற்ற 'ஃப்ளோ' என்னும் லாத்விய நாட்டு இயங்குபடம் இம்மென்பொருளைக்கொண்டே உருவாக்கப்பட்டது.

பொருள்களை அமைத்தல்

பிளெண்டரைத் திறந்தவுடன் திரையின் நடுவில் ஒரு கனசதுரமும், அருகில் ஒரு படக்கருவியும் ஒரு விளக்கும் காணப்படும். முதலில் `Add > Mesh > Plane` என்னும் கட்டளையால் தரையை அமைத்து, அதன் நீள அகலங்களை 20 மீட்டர் ஆக்க வேண்டும். N விசையை அழுத்தினால் தோன்றும் பலகத்தில் இவ்வளவுகளை `Dimensions` என்னும் கட்டங்களில் தட்டச்சு செய்யலாம்.

முன்பே உள்ள கனசதுரமே தடுப்புக்கம்பமாக மாறும். அதன் அளவை X திசையில் 6 மீட்டர், மற்ற இரு திசைகளிலும் 0.1 மீட்டர் என மாற்றி, `Location` கட்டத்தில் Z மதிப்பை 1 மீட்டர் ஆக்கினால், தரைக்கு மேலே கிடைமட்டமாக நிற்கும் கம்பம் கிடைக்கும். இன்னொரு கனசதுரத்தைச் சேர்த்து, 0.2 மீட்டர் தடிமனும் 1.1 மீட்டர் உயரமும் உடைய தாங்குதூணாக்கி, X மதிப்பு -2.2, Y மதிப்பு 0.2, Z மதிப்பு 0.55 என்னும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

சுழலும் புள்ளி

இந்நிலையில் கம்பத்தைத் தேர்ந்தெடுத்து, `Rotation` பகுதியில் Y மதிப்பை -80 பாகை ஆக்கினால் எதிர்பாராத ஒன்று நிகழும். கம்பம் ஏற்றப்பலகையைப்போல நடுவில் சுழலும். அதன் ஒரு முனை வானை நோக்கி எழ, மறுமுனை தரைக்குள் ஏறத்தாழ 2 மீட்டர் ஆழம் புதையும். தொடக்கநிலையில் பலரும் தடுமாறும் இடம் இதுவே.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மூலப்புள்ளி உண்டு. பொருளைத் தேர்ந்தெடுத்தவுடன் தெரியும் செம்மஞ்சள் நிறச் சிறு புள்ளியே அது. பொருள் அப்புள்ளியைச் சுற்றியே சுழலும். புதிய கனசதுரத்தின் மூலப்புள்ளி அதன் நடுவில் இருப்பதே இத்தவற்றுக்குக் காரணம்.

உண்மையான தடுப்புக்கம்பத்தை உற்றுநோக்கினால் தீர்வு புலப்படும். அதன் சுழலச்சு நடுவிலும் இல்லை, முனையிலும் இல்லை. நீண்ட பகுதி சாலையை மறிக்க, குறுகிய வால்பகுதியில் எதிரெடை பொருத்தப்பட்டிருக்கும். நீண்ட கம்பத்தைக் குறைந்த விசையால் உயர்த்த அவ்வெடை துணைசெய்கிறது.

எனவே, கம்பத்தின் சுழற்சியை மீண்டும் 0 ஆக்கிய பின்னர், மூலப்புள்ளியைத் தூணின் தலைப்பகுதிக்கு நகர்த்த வேண்டும். N பலகத்தின் `View` பகுதியில் `3D Cursor` என்பதன் X, Y, Z மதிப்புகளை முறையே -2.2, 0, 1 என அமைத்து, `Object > Set Origin > Origin to 3D Cursor` என்னும் கட்டளையைத் தர வேண்டும். செம்மஞ்சள் புள்ளி தூணருகே நகர்ந்திருப்பதைக் காணலாம். இப்போது -80 பாகை சுழற்றினால் நீண்ட பகுதி எழும். வால்பகுதியின் நீளம் 0.8 மீட்டர், அச்சின் உயரமோ 1 மீட்டர். ஆதலால், வால் தரையைத் தொடாமல் நிற்கும். நீண்ட பகுதி எழாமல் தரைக்குள் இறங்கினால், கழித்தல் குறி விடுபட்டுள்ளது என்று அறியலாம்.

காலத்தை வகுத்தல்

இயங்குபடம் என்பது அடுத்தடுத்து ஓடும் அசையாப் படங்களின் வரிசையே. அப்படங்கள் ஒவ்வொன்றும் சட்டகம் எனப்படும். பிளெண்டர் இயல்பாக ஒரு நொடிக்கு 24 சட்டகங்களைக் காட்டும். ஐந்து நொடிக் காட்சிக்கு 120 சட்டகங்கள் தேவை. ஆதலின், கீழுள்ள காலக்கோட்டில் `End` மதிப்பை 120 ஆக்க வேண்டும்.

இவை அனைத்திலும் கம்பத்தின் நிலையைக் குறிக்க வேண்டியதில்லை. மாற்றம் தொடங்கும் சட்டகத்தையும் முடியும் சட்டகத்தையும் குறித்தால் போதும். இடைப்பட்டவற்றை மென்பொருளே கணக்கிடும். அவ்வாறு குறிக்கப்படுபவை திறவுச்சட்டகங்கள். காலக்கோட்டில் 24ஆம் சட்டகத்துக்குச் சென்று, Y சுழற்சியை 0 ஆக்கி, அக்கட்டத்தின்மீது சுட்டியை வைத்து I விசையை அழுத்த வேண்டும். பின்னர் 96ஆம் சட்டகத்தில் -80 எனத் தட்டச்சு செய்து மீண்டும் I விசையை அழுத்த வேண்டும். முதல் நொடியில் கம்பம் மூடியிருக்கும். அடுத்த மூன்று நொடிகளில் எழும். இறுதி நொடியில் அசையாது நிற்கும்.

மதிப்பை மாற்றியபின் I விசையை அழுத்த மறந்தால், அடுத்த சட்டகத்துக்கு நகர்ந்தவுடன் அம்மாற்றம் மறைந்துவிடும். இதனைக் கட்டத்தின் நிறமே முன்கூட்டி உணர்த்தும். மஞ்சள் நிறமாயின் குறிப்புப் பதிவாகிவிட்டது. செம்மஞ்சளாயின் மாற்றம் இன்னும் பதிவாகவில்லை என்பது பொருள்.

வேகத்தின் இயல்பு

கம்பம் மெதுவாகத் தொடங்கி, விரைந்து, மீண்டும் மெதுவாகி நிற்பதைக் காணலாம். `Graph Editor` என்னும் பகுதியில் இவ்வியக்கம் வளைகோடாகத் தெரியும். மூன்று நொடிகளுள் முதல் நொடி கழிந்த நிலையில், சீரான வேகமாயின் கம்பம் ஏறத்தாழ 27 பாகை எழுந்திருக்கும். வளைகோட்டின்படி ஏறத்தாழ 20 பாகையே எழும். இவ்வேறுபாடுதான் கம்பத்துக்கு எடை உண்டு என்னும் உணர்வைக் காண்போர்க்குத் தருகிறது. நேர்கோடாக மாற்றினால் கம்பம் திடீரெனக் கிளம்பித் திடீரென நிற்கும். எடையற்ற அட்டையைப்போலத் தோன்றும்.

படமாக்கல்

முழுதும் எழுந்த கம்பத்தின் நுனி தரையிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்தில் இருக்கும். மூடிய நிலையை மட்டும் பார்த்துப் படக்கருவியை நிறுத்தினால் நுனி படத்துக்கு வெளியே சென்றுவிடும். ஆகையால், 96ஆம் சட்டகத்தில் நின்று காட்சி முழுதும் தெரியும் கோணத்தைத் தேர்ந்து, `View > Align View > Align Active Camera to View` என்னும் கட்டளையைத் தருதல் வேண்டும்.

இறுதியாக, காட்சியை நேரடியாகக் காணொளியாக வெளியிடாமல் PNG படங்களாக வெளியிடுவது நன்று. ஒரு சட்டகத்துக்கு 10 நொடி ஆனால், 120 சட்டகங்களுக்கு 20 நிமிடங்கள் தேவைப்படும். இடையில் மின்சாரம் தடைப்பட்டால், முடிவுறாத காணொளிக்கோப்பு பயனற்றுப்போகக்கூடும். தனித்தனிப் படங்களோ அப்படியே இருக்கும். பாதியில் நின்ற கடைசிப் படத்தை மட்டும் நீக்கிவிட்டு, `Overwrite` என்னும் குறியை அகற்றி மீண்டும் தொடங்கினால், விட்ட இடத்திலிருந்து பணி தொடரும். பின்னர் அப்படங்களைப் பிளெண்டரிலேயே கோத்துக் காணொளியாக்கலாம்.

அக்காணொளியில் ஓடுவது ஐந்து நொடிக் காட்சி. அதன் அச்சு எங்கே இருக்க வேண்டும், கம்பம் எவ்வளவு நேரத்தில் எழ வேண்டும் என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை, சாலையோரத்தில் நிற்கும் உண்மைக் கம்பத்திடமே உள்ளது.