மூன்றாம் தரத்துக்குப் பிறகு

லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ரைஸ்லிப் என்றொரு புறநகர். அங்குள்ள பெயின்பிரிட்ஜஸ் என்ற சின்ன ஏலக்கடையில் 2010 நவம்பர் 11 அன்று ஒரு சீனப் பீங்கான் ஜாடி ஏலத்துக்கு வந்தது. பக்கத்திலிருக்கும் பின்னர் என்ற ஊரில், ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது. 40 சென்டிமீட்டர் உயரம், சீனப் பேரரசர் சியென்லுங் காலத்து வேலைப்பாடு, அதாவது 18ஆம் நூற்றாண்டு. வெளிச்சுவரில் துளைகள் வெட்டி, அவற்றின் வழியே உள்ளே இன்னொரு ஜாடி தெரியும்படி செய்திருந்தார்கள். 8 லட்சம் முதல் 12 லட்சம் பவுண்டு வரை போகும் என்று கடைக்காரர்கள் மதிப்புப் போட்டிருந்தார்கள். கேள்வி ஏறிக்கொண்டே போய், சுத்தியல் விழுந்தபோது தொகை 4 கோடியே 30 லட்சம் பவுண்டு.

நம் ஊர் ஏலத்தில் 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்று சொல்லி முடித்தால் கேட்ட தொகையே விலை. அதை எண்ணி வைத்துவிட்டுப் பொருளைத் தூக்கிக்கொண்டு போகலாம். லண்டனில் அப்படி இல்லை. அங்கே மூன்றாம் தரத்துக்குப் பிறகுதான் கணக்கே ஆரம்பிக்கிறது.

சுத்தியல் விழும்போது நிற்கும் தொகைக்குச் சுத்தியல் விலை என்று பெயர். அதற்கு மேல், வாங்குகிறவரிடம் ஏலக்கடை தனக்கென ஒரு தொகை வாங்குகிறது. இதைப் பையர்ஸ் பிரீமியம் என்கிறார்கள். விற்கிறவரிடம் கமிஷன் வாங்குவது பழைய பழக்கம். வாங்குகிறவரிடமும் வாங்குவதை லண்டனின் கிறிஸ்டீஸும் சாதபீஸும் 1975இல் கொண்டுவந்தார்கள். அன்று 10 சதவீதம். வியாபாரிகள் கூச்சலிட்டார்கள், ஆனாலும் அது நிலைத்துவிட்டது. இன்று இங்கிலாந்தின் நடுத்தர ஏலக்கடைகளில் 25 சதவீதம் என்பது சாதாரணம்.

பெயின்பிரிட்ஜஸ் கடை கேட்டது 20 சதவீதம். 4 கோடியே 30 லட்சத்துக்கு அது 86 லட்சம் பவுண்டு. அந்தப் பிரீமியத்தின் மீது அரசின் வாட் வரி அன்றைக்கு 17.5 சதவீதம், அது 15 லட்சத்து 5 ஆயிரம். மூன்றையும் கூட்டினால் 5 கோடியே 31 லட்சத்து 5 ஆயிரம் பவுண்டு. கூடத்தில் எல்லார் காதிலும் விழுந்த தொகைக்கும் பில்லில் வரவேண்டிய தொகைக்கும் இடையே ஒரு கோடிப் பவுண்டு வித்தியாசம்.

வரி ஏன் பிரீமியத்துக்கு மட்டும், ஜாடிக்கு இல்லையா என்று கேட்கலாம். ஜாடியை விற்றது ஒரு சாதாரணக் குடும்பம், வரிப் பதிவு உள்ள வியாபாரி இல்லை. வீட்டிலிருந்த பழைய பொருளை விற்பதற்கு வாட் கிடையாது. ஏலக்கடை செய்யும் சேவைக்கு உண்டு. அதனால் கடையின் பங்குக்கு மட்டும் வரி. இதற்கு அங்கே மார்ஜின் ஸ்கீம் என்று பெயர். பழைய பொருள் கைமாறும் ஒவ்வொரு தடவையும் முழு விலைக்கும் வரி போட்டால் பழம்பொருள் வியாபாரமே படுத்துவிடும் என்பதால் வந்த ஏற்பாடு இது. எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

கோடிகளை விட்டுவிட்டு நம் கைக்கு எட்டும் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பழைய சுவர்க்கடிகாரத்தை 400 பவுண்டுக்கு ஏலம் எடுக்கிறீர்கள். பிரீமியம் 25 சதவீதம் என்றால் 100. அதன் மேல் இப்போதைய வாட் 20 சதவீதம், அதாவது 20. மொத்தம் 520. வீட்டிலிருந்தபடி இணையத் தளம் வழியாகக் கேட்டிருந்தால் அந்தத் தளத்துக்கும் ஒரு கூலி உண்டு. அது 5 சதவீதம் என்று வைத்தால் 20 பவுண்டும், அதற்கு வாட் 4 பவுண்டும் சேர்ந்து 544.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இன்னொன்று இருக்கிறது. பட்டியலில் சில பொருள்களின் எண்ணுக்குப் பக்கத்தில் சிலுவை போன்ற குறியோ நட்சத்திரமோ போட்டிருப்பார்கள். பெரும்பாலான கடைகளில் சிலுவைக் குறி இருந்தால் சுத்தியல் விலைக்கும் 20 சதவீத வாட் உண்டு என்று அர்த்தம். அந்தக் கடிகாரமே இணையக் கூலி இல்லாமல் 600 பவுண்டு ஆகிவிடும். நட்சத்திரம் என்றால் விற்பனைக்காக வெளிநாட்டிலிருந்து வந்த பொருள். சுத்தியல் விலைக்கு 5 சதவீத இறக்குமதி வரி சேரும், 540 ஆகும். குறிகளின் அர்த்தம் கடைக்குக் கடை மாறலாம். அதை விளக்கும் பக்கம் பட்டியலின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும். ஜாடியின் படத்தைப் பத்துத் தடவை பார்க்கிறவர்கள் அந்தப் பக்கத்தை ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை.

மிகப் பெரிய கடைகளில் பிரீமியம் ஒரே சதவீதமாக இருக்காது. நம் வருமான வரி போல அடுக்கடுக்காக இருக்கும், ஆனால் வரி ஏறுவதுபோல் ஏறாமல் மேலே போகப் போகக் குறையும். 2017இல் நியூயார்க் கிறிஸ்டீஸில் லியனார்டோவின் 'சால்வடார் முண்டி' ஓவியம் 40 கோடி டாலருக்குச் சுத்தியல் விழுந்தது. முதல் இரண்டரை லட்சம் டாலருக்கு 25 சதவீதம், அதற்கு மேல் 40 லட்சம் வரை 20 சதவீதம், மீதிக்கு 12.5 சதவீதம். மூன்று அடுக்கையும் கூட்டினால் பிரீமியம் மட்டும் 5 கோடியே 3 லட்சத்து 12 ஆயிரத்து 500 டாலர். செய்தித்தாள்கள் 45 கோடி என்று எழுதியது இதையும் சேர்த்துத்தான். ஏலத்துக்கு முன்பு கடை சொல்லும் மதிப்பில் பிரீமியம் சேர்ந்திருக்காது. விற்ற பிறகு செய்தியில் வரும் விலையில் சேர்ந்திருக்கும். இரண்டையும் நேராக ஒப்பிட்டு 'எதிர்பார்த்ததைவிட எகிறிவிட்டது' என்று எழுதுகிறவர்கள் ஏராளம்.

ஏலத்துக்குப் பிறகு பில் வரும். பணம் கட்ட பல கடைகள் சில நாள்களே தருகின்றன. முழுப் பணமும் வங்கியில் சேர்ந்த பிறகே பொருளைக் கொடுப்பார்கள்; எடுத்துப்போகத் தாமதித்தால் கிடங்கு வாடகை ஏறும். பிடிக்கவில்லை என்று பின்வாங்கவும் முடியாது. சுத்தியல் விழுந்த கணத்திலேயே விற்பனை முடிந்துவிட்டது என்கிறது பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம். பிரீமியமும் வரியும் கடையின் நிபந்தனைகளில் எழுதியிருப்பதால், 'எனக்குத் தெரியாது' என்பது எடுபடாது.

ஆனால் சட்டம் சொல்வது ஒன்று, கைக்குக் காசு வருவது வேறு. ரைஸ்லிப் ஜாடிக்கு அந்தப் பணம் வரவே இல்லை. பிரீமியம் கொடுக்க ஏலம் எடுத்தவர் மறுக்கிறார் என்று அப்போது செய்திகள் வந்தன. மாதங்கள் கழிந்து வருடங்கள் ஆயின. 2013 ஜனவரியில் போனம்ஸ் நிறுவனம் வழியாக, ஏலத்துக்கு விடாமல், வேறொருவருக்கு அதை விற்றார்கள். 2 கோடியிலிருந்து இரண்டரைக் கோடிப் பவுண்டுக்குள் போனதாகச் செய்தி. பெரிய ஏலக்கடைகள் இப்போது விலை உயர்ந்த பொருள்களுக்குக் கை தூக்கும் முன்பே முன்பணம் கட்டச் சொல்கின்றன.

நீங்கள் கேட்கப் போகிறீர்கள் என்றால் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். பிரீமியம் 25, அதன் வாட் 20 சதவீதம் என்றால் சுத்தியல் விலையில் மொத்தச் சுமை 30 சதவீதம். கையில் 500 பவுண்டுதான் இருக்கிறது என்றால் அதை 1.3ஆல் வகுங்கள், 384 சொச்சம் வரும். பத்துப் பத்தாக ஏறும் ஏலத்தில் 380உடன் கையைக் கீழே போட்டுவிடுங்கள். அடுத்த 390க்கு பில் 507 பவுண்டு.